கனடா டொலரில் விலை எழுதும்போது வீத மாற்றத்தை யார் தாங்குவது? யாழ்ப்பாண ஏற்றுமதியாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"விலை: கிலோவுக்கு 9 கனடா டொலர்." பல ஒப்பந்தங்களில் நாணயத்தைப் பற்றி இருப்பது இந்த ஒரு வரி மட்டும்தான். வேறு எதுவும் எழுதாததால் நாணய மாற்று ஆபத்தைப் பற்றி இரு தரப்பும் எதையும் முடிவு செய்யவில்லை என்று தோன்றும். உண்மையில் அந்த ஒரு வரியே முடிவைச் செய்துவிட்டது. ஸ்காபரோவில் இருக்கும் மொத்த வியாபாரி கனடா டொலரில் வாங்கி, கனடா டொலரில் விற்கிறார். ரூபா எங்கே போனாலும் அவருடைய கணக்கு மாறாது. சுன்னாகத்தில் மிளகாய் வாங்கி, வறுத்து, அரைத்து, ரூபாவில் சம்பளம் கொடுப்பவர்தான் முழு ஆபத்தையும் சுமக்கிறார்.

அந்தச் சுமையை எப்படி அளப்பது, எப்படிப் பிரிப்பது, பிரித்ததை ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது என்பதை ஒரே ஒரு எடுத்துக்காட்டை வைத்து இறுதிவரை பார்ப்போம். கறித்தூள் என்பதற்குப் பதிலாக ஒடியல் மா, முருங்கை இலைத் தூள், நண்டு இறைச்சி என்று உங்கள் பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். தொகைகள் மாறும், வழி மாறாது.

முதலில் திசையைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். "டொலர் ஏறுகிறது" என்றால் நாடே பதறுவதைப் பார்த்துப் பழகியதால், ஏற்றுமதி செய்பவரும் அதையே ஆபத்து என்று நினைத்துவிடுகிறார். உங்களை அடிப்பது அதற்கு எதிர்த் திசை: ரூபா பலமடையும்போது அதே 9 டொலருக்குக் குறைந்த ரூபாதான் கைக்கு வரும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் 2023 பெப்ரவரியில் 360ஐத் தாண்டி நின்ற டொலர், ஜூன் தொடக்கத்தில் 300க்குக் கீழே வந்தது. பெப்ரவரி வீதத்தை வைத்து விலை சொல்லி, ஜூனில் பணத்தைப் பெற்ற ஏற்றுமதியாளருக்கு வருமானத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருக்கும். பல சிறு உற்பத்தியாளரின் இலாபமே அவ்வளவுதான்.

எடுத்துக்காட்டு

பன்னிரண்டு மாத ஒப்பந்தம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 2,000 கிலோ வறுத்த கறித்தூள், கொழும்புத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை (எஃப்.ஓ.பி.) கிலோவுக்கு 9 கனடா டொலர். கப்பல் கட்டணமும் காப்புறுதியும் வாங்குபவர் பொறுப்பு. பணம் கப்பல் ஏற்றிய நாளிலிருந்து 60 நாளில். விலை பேசும் அன்று 1 கனடா டொலர் 220 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு வரவு 1,980 ரூபா, செலவு 1,640 ரூபா, மிச்சம் 340 ரூபா. ஒரு தடவை அனுப்பினால் 18,000 டொலர் வரவு, 680,000 ரூபா இலாபம்.

படி 1: உண்மையில் எவ்வளவு டொலர் ஆபத்தில் இருக்கிறது?

18,000 டொலரும் ஆபத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டால் பிழை. செலவுப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வீதம் மாறினால் இதன் விலையும் மாறுமா? இந்தியாவிலிருந்து வரும் மல்லி, பெருஞ்சீரகம், இறக்குமதி செய்த பிளாஸ்ரிக் மூலப்பொருளில் செய்யும் பைகள் ஆகியவை மாறும். தோட்டக் கூலி, வறுக்கும் பெண்களின் சம்பளம், கட்டட வாடகை உடனே மாறாது. கொழும்புக்குப் போகும் லொறி வாடகை டீசல் விலையோடு சேர்ந்து பிந்தி மாறும். அதை உள்ளூர்ப் பக்கத்திலேயே வையுங்கள், கணக்கு பாதுகாப்பான பக்கம் நிற்கும்.

நம் எடுத்துக்காட்டில் 1,640 ரூபாவில் 520 ரூபா வீதத்தோடு மாறுகிறது, 1,120 ரூபா மாறாது என்போம். 520 ரூபா என்பது 220 வீதத்தில் 2.36 டொலர். ஆக, கிலோவுக்கு உண்மையில் திறந்து கிடப்பது 9இல் 2.36 போக 6.64 டொலர். 2,000 கிலோவுக்குச் சுமார் 13,270 டொலர். அதாவது வீதம் ஒரு ரூபா இறங்கினால் ஒரு தடவைக்குச் சுமார் 13,270 ரூபா நட்டம். இந்த ஓர் எண்ணை மேசையில் ஒட்டி வைத்தால் போதும், வங்கி அலைபேசிச் செய்தியில் வீதத்தைப் பார்க்கும்போதே உங்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும்.

அடுத்து, எந்த வீதத்தில் இலாபம் பூச்சியமாகிறது என்று பாருங்கள். மல்லியும் பைகளும் ஏற்கெனவே 220 வீதத்தில் வாங்கிக் களஞ்சியத்தில் இருந்தால், 1,640ஐ 9ஆல் வகுக்க 182 ரூபா வரும். அவற்றைப் புதிய வீதத்தில் வாங்கினால் 169 ரூபா வரை தாங்கலாம். இந்த இடைவெளி சொல்வது ஒன்று உண்டு: ஒரு வருடத்துக்கான இறக்குமதிப் பொருளை "மலிவாக இருக்கிறது" என்று முதலிலேயே வாங்கிக் குவித்தால், இயல்பாக உங்களுக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்பை நீங்களே எடுத்துவிடுகிறீர்கள். விற்பனையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்தால், இந்தப் பொருட்களையும் அதே தாளத்தில் வாங்குங்கள்.

படி 2: காலத்தை மூன்றாக வெட்டுங்கள்

விலை பேசிய நாளிலிருந்து பணம் கணக்கில் விழும் நாள் வரை ஒரே ஆபத்து அல்ல. மூன்று துண்டுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் தாங்கத் தகுந்தவர் வேறு.

ஒப்பந்தம் எழுதியதிலிருந்து ஒவ்வொரு தடவையும் இன்வொய்ஸ் எழுதும் வரை உள்ளது முதல் துண்டு. நான்காவது தடவைக்கு இது ஒன்பது மாதத்துக்கு மேல் நீளலாம். இதில் இரண்டு பேருக்கும் கட்டுப்பாடு இல்லை. ஆகவே இரண்டு பேரும் பங்கிட வேண்டியது. இன்வொய்ஸிலிருந்து பணம் வர வேண்டிய நாள் வரை உள்ளது இரண்டாவது. தொகையும் நாளும் தெரியும் என்பதால் வங்கியோடு வீதத்தை முன்கூட்டியே உறுதிசெய்து நீங்களே இதை மூடலாம். இதை உங்கள் தலையில் வைத்துக்கொள்வது நியாயம். பணம் வர வேண்டிய நாளைத் தாண்டிய தாமதம் மூன்றாவது. அதை உண்டாக்குபவர் வாங்குபவர் மட்டும்தான், முழுவதும் அவருக்கே போக வேண்டும்.

இந்த மூன்றையும் ஒரே பேச்சில் கலந்தால் வாங்குபவர் "எல்லாம் என் தலையிலா?" என்று கேட்பார். பிரித்துச் சொன்னால் அவருக்கும் புரியும்.

படி 3: அடிப்படை வீதத்தை ஒரே இடத்திலிருந்து எடுங்கள்

முதல் துண்டைப் பங்கிட ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் எழுத வேண்டும்; விலை பேசிய நாளின் வீதமே அதற்கு அடிப்படை. சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அடிப்படை 220 என்று எழுதும்போது அந்த 220 எங்கிருந்து வந்தது? இணையத் தேடலில் காட்டும் நடு வீதமா, உங்கள் வங்கி உங்களிடமிருந்து டொலரை வாங்கும் வீதமா, காசு மாற்றும் கடையின் பலகையா? நடு வீதத்துக்கும் வங்கியின் கொள்வனவு வீதத்துக்கும் எப்போதும் இடைவெளி உண்டு. அடிப்படையை நடு வீதத்தில் எடுத்து, ஒப்பிடும்போது கொள்வனவு வீதத்தைப் பார்த்தால், சந்தை அசையாமலே ரூபா "பலமடைந்தது" போலக் காட்டும். வாங்குபவர் அதைக் கண்டுபிடித்த நாளில் உங்கள் மீதான நம்பிக்கை போய்விடும்.

ஆகவே அடிப்படை வீதமும் பின்னர் ஒப்பிடும் வீதமும் ஒரே மூலத்தின் ஒரே வகையாக இருக்கட்டும். இலங்கை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் கனடா டொலர் உட்பட முக்கிய நாணயங்களின் கொள்வனவு, விற்பனை வீதங்களை நாளாந்தம் வெளியிடுகிறது. அதன் கொள்வனவு வீதத்தை எடுப்பது நல்லது: இரு தரப்பும் திறந்து பார்க்கலாம், எவருடைய சொந்த வங்கியும் அல்ல. உங்கள் வங்கி உண்மையில் தரும் வீதம் அதைவிடச் சற்றுக் கூடிக் குறையும். அந்தச் சிறு வித்தியாசம் உங்கள் பொறுப்பு, அதை ஒப்பந்தத்துக்குள் இழுக்காதீர்கள்.

ஒரு நாளின் வீதத்தை எடுக்காமல், ஐந்து வேலை நாட்களின் சராசரியை எடுங்கள். ஒரே நாளில் துள்ளி அடுத்த நாள் அடங்கும் வீதத்தை வைத்து மூன்று மாத விலையை மாற்றினால் யாருக்கும் நியாயமாக இருக்காது. பூரணை விடுமுறை, கனடா விடுமுறை போன்ற நாட்களில் என்ன செய்வது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்: வீதம் வெளியான கடைசி ஐந்து நாட்கள் என்றால் முடிந்தது.

படி 4: பட்டையும் பங்கும்

வீதம் அசையும் ஒவ்வொரு தடவையும் விலை மாறினால் ஸ்காபரோ வியாபாரியால் தன் கடைகளுக்கு விலைப்பட்டியல் கொடுக்க முடியாது. அதனால் நடுவில் ஒரு பட்டை வைக்கிறோம். பட்டைக்குள் வீதம் எங்கே நின்றாலும் விலை மாறாது. ஏற்ற இறக்கம் முழுவதும் உங்களுடையது. பட்டையைத் தாண்டிய பகுதியை மட்டும் பாதிப் பாதியாகப் பங்கிடுகிறோம்.

பட்டை எவ்வளவு அகலம்? உங்கள் இலாபத்தில் எவ்வளவை இழந்தாலும் தொழில் ஓடும் என்பதிலிருந்து எடுங்கள். அடிப்படைக்கு இரு பக்கமும் நூற்றுக்கு நான்கு வைத்தால் எல்லைகள் 211.20, 228.80. கீழ் எல்லையில் நிற்கும்போது கிலோவுக்கு 79 ரூபா குறையும். 340 ரூபா இலாபத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. தாங்கலாம். பத்து வீதப் பட்டை என்றால் எல்லையில் 198 ரூபா போய்விடும். அப்புறம் வாசகம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பட்டைக்குக் கீழே வீதம் போனால் புதிய விலை இப்படி வரும்:

```
புதிய விலை = பழைய விலை × ( 1 + 0.5 × (கீழ் எல்லை − இன்றைய வீதம்) ÷ இன்றைய வீதம் )
```

வீதம் 200க்கு இறங்கியதாகப் பார்ப்போம். கீழ் எல்லை 211.20. தாண்டிய பகுதி டொலருக்கு 11.20 ரூபா, அதில் பாதி 5.60 ரூபா. அதை இன்றைய 200ஆல் வகுத்தால் 0.028. ஆக 9 டொலர் 9.25 டொலராகிறது. உங்கள் கைக்கு 1,850 ரூபா வரும். வாசகம் இல்லாவிட்டால் 1,800 ரூபாதான். பழைய செலவான 1,640 ரூபாவையே வைத்துப் பார்த்தாலும் இலாபம் 160க்குப் பதிலாக 210. ஒரு தடவைக்கு ஓர் இலட்சம் ரூபா வித்தியாசம். வாங்குபவருக்குக் கூடியது கிலோவுக்கு 25 சதம். அவர் கடைக்கு விற்கும் விலையில் அது தாங்கக்கூடிய தொகை என்பதை அவருக்குக் காட்டலாம்.

சூத்திரத்தில் ஏன் அடிப்படை வீதத்தால் வகுக்காமல் இன்றைய வீதத்தால் வகுக்கிறோம்? ஈடு செய்ய வேண்டியது ரூபாக் குறைவு. அது டொலராக வந்து இன்றைய வீதத்தில் ரூபாவாக மாறப் போகிறது. 220ஆல் வகுத்தால் ஈடு கொஞ்சம் குறைவாக வரும். சிறிய வித்தியாசம்தான், ஆனால் நட்டம் பெரிதாகும்போது அதுவும் பெரிதாகும்.

இனி மறுபக்கம். அதே சூத்திரத்தில் கீழ் எல்லை இருந்த இடத்தில் மேல் எல்லை வரும். வீதம் 242க்கு ஏறினால் மேல் எல்லை 228.80ஐத் தாண்டியது 13.20 ரூபா, பாதி 6.60 ரூபா, 242ஆல் வகுத்தால் 0.027. விலை 8.75 டொலராக இறங்கும். "ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?" என்று இங்கே பலர் கேட்பார்கள். இலாபத்தைப் பாருங்கள்: வரவு 2,117 ரூபா. மல்லி, பை விலை ஏறிச் செலவு 1,692 ரூபா. மிச்சம் 425 ரூபா. தொடக்கத்தில் இருந்த 340ஐ விட இன்னும் கூடவே இருக்கிறது. வாங்குபவருக்கு ஒரு தடவைக்கு 500 டொலர் குறைந்தது. இரண்டு பக்கமும் திறந்த வாசகத்தில்தான் அவர் கையெழுத்து வைப்பார். கீழ்ப் பக்கத்துக்கு மட்டும் பாதுகாப்புக் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் பாதிக்கு மேல் கொடுக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். ரூபா வீழும்போது இறக்குமதிச் செலவு உடனே ஏறும். சில மாதம் கழித்து கூலியும் லொறியும் எரிவாயுவும் ஏறும். 2022இல் இங்கே எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொலைபேசியில் "தங்கச்சி, டொலர் ஏறினா உங்களுக்கு லாபந்தானே, எனக்கும் கொஞ்சம் குறையுங்கோ" என்று வாங்குபவர் கேட்டால், அதற்கு ஒரு எழுதிய பதில் இருப்பதுதான் இந்த வாசகத்தின் பாதிப் பயன். எழுதாமல் கொடுத்த விலைக்குறைப்பு, ரூபா திரும்பிப் பலமடையும்போது தானாகத் திரும்பி வராது. எழுதிக் கொடுத்தது வரும்.

"அமெரிக்க டொலரில் விலை எழுதினால் இந்தச் சிக்கல் இல்லையே?" என்றும் ஒரு யோசனை உண்டு. அப்படிச் செய்தால் கனடா டொலருக்கும் அமெரிக்க டொலருக்கும் இடையிலான ஏற்ற இறக்கம் வாங்குபவருக்குப் போகும். அமெரிக்க டொலருக்கும் ரூபாவுக்கும் இடையிலானது உங்களிடமே நிற்கும். அது ஒரு நேர்த்தியான பிரிப்புப் போலத் தோன்றினாலும், நமக்கு அடி விழுந்ததெல்லாம் இரண்டாவது பகுதியில்தான். கப்பல் கட்டணத்தையும் இறக்குமதியையும் நீங்களே அமெரிக்க டொலரில் செலுத்துபவராக இருந்தால் மட்டும் அது உதவும். இல்லாவிட்டால் வாங்குபவருக்கு ஒரு தலையிடியைக் கொடுத்து, உங்கள் பெரிய தலையிடியை அப்படியே வைத்திருக்கிறீர்கள்.

படி 5: வெளியேறும் கதவு

பங்கிடும் சூத்திரம் சாதாரண ஏற்ற இறக்கத்துக்கானது. 2022இல் அமெரிக்க டொலர் 200இலிருந்து 360க்குப் போனது போன்ற நாட்களுக்கு அல்ல. அடிப்படையிலிருந்து 15 வீதத்துக்கு மேல் விலகினால், இன்னும் அனுப்பாத தொகுதிகளின் விலையைத் திரும்பப் பேச எவர் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று வையுங்கள். நம் கணக்கில் அது 187க்குக் கீழ் அல்லது 253க்கு மேல். 187இல் சூத்திரப்படி விலை 9.58 டொலர், வரவு 1,791 ரூபா, இன்னும் 150 ரூபா இலாபம் இருக்கிறது. மூச்சு இருக்கும்போதே பேச உட்காருகிறீர்கள். கதவை 25 வீதத்தில் வைத்தால் அது 165 ரூபா. வாசகம் இல்லாத விலையில் ஏற்கெனவே நட்டத்துக்குள் போயிருக்கும் இடம்.

பேச எத்தனை நாள், முடிவு வராவிட்டால் என்ன என்பதும் எழுதப்பட வேண்டும். பதினான்கு நாளில் உடன்பாடு வராவிட்டால், மீதித் தொகுதிகளை எந்தத் தரப்பும் இழப்பீடு இல்லாமல் கைவிடலாம். வாங்குபவரின் சின்னம் அச்சிட்ட பைகள் உங்களிடம் கிடந்தால் அவற்றின் செலவை அவர் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி வரியைப் பலர் மறக்கிறார்கள். அச்சிட்ட பை வேறு யாருக்கும் உதவாது.

படி 6: இன்வொய்ஸுக்குப் பின் வரும் 60 நாள்

விலை இன்வொய்ஸில் உறைந்த பின் 18,000 டொலர் நிச்சயம், நாளும் ஏறத்தாழ நிச்சயம். இங்கேதான் வங்கியின் ஃபோவேட் ஒப்பந்தம் பொருந்தும்: 60 நாள் கழித்து இத்தனை டொலரை இந்த வீதத்தில் வாங்குவேன் என்று வங்கி இன்றே எழுதித் தரும். அந்த வீதம் எதிர்வுகூறல் அல்ல, இரண்டு நாணயங்களின் வட்டி வித்தியாசத்திலிருந்து வருவது. ரூபா வட்டி 8 வீதம், கனடா டொலர் வட்டி 3 வீதம் என்றால், 60 நாளுக்கு வித்தியாசம் சுமார் 0.8 வீதம்; 220 என்பது 221.80 அளவில் வர வேண்டும். வங்கி தன் பங்கை எடுத்த பின் சற்றுக் குறைவாகத்தான் தரும். மிகவும் குறைவாக இருந்தால் இரண்டாவது வங்கியிடமும் கேளுங்கள்.

இதில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். ஒப்பந்தம் எழுதிய அன்றே நான்கு தொகுதிக்கும் ஃபோவேட் எடுக்காதீர்கள். முதல் துண்டை ஏற்கெனவே சூத்திரம் பாதி பார்த்துக்கொள்கிறது. அதன் மேல் ஃபோவேடும் இருந்தால், வீதம் 242க்கு ஏறும்போது வாங்குபவருக்கு விலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, உங்கள் டொலரையும் பழைய மலிவு வீதத்தில் வங்கிக்குக் கொடுக்க வேண்டிவரும். இரண்டு பக்கமும் இழப்பு. ஒவ்வொரு தொகுதிக்கும் இன்வொய்ஸ் எழுதிய பின் எடுங்கள். அடுத்தது, ஃபோவேட் ஒரு கடமை. பணம் பிந்தினால் வங்கி காத்திருக்காது. நீடிப்பதற்கோ முடித்துக்கொள்வதற்கோ அன்றைய வீத வித்தியாசம் உங்கள் கணக்கில் போகும். நேரத்துக்குப் பணம் தரும் வாங்குபவரென்றாலும் முதல் வருடம் இன்வொய்ஸின் பாதிக்கு மட்டும் எடுப்பது நல்லது. மற்றது, ஃபோவேட் எப்போதும் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். 2021 ஜனவரியில் மத்திய வங்கி புதிய ஃபோவேட் ஒப்பந்தங்களில் இறங்க வேண்டாம் என்று வங்கிகளை நிறுத்தி வைத்தது. ஒப்பந்த வாசகமே முதல் காப்பு, வங்கி இரண்டாவது.

முற்பணம் இதைவிட எளிய வழி. 30 வீத முற்பணம் 5,400 டொலர். அதில் இறக்குமதி மல்லிக்கும் பைக்கும் தேவையான சுமார் 4,700 டொலர் பெறுமதியை உடனே வாங்கிவிட்டால், டொலர் வரவும் டொலர் செலவும் ஒரே வீதத்தில் முடிந்துவிடும்.

தாமதத்துக்கு வருவோம். பணம் வர வேண்டிய நாளில் வீதம் 218, வந்த நாளில் 207 என்றால், 18,000 டொலரில் 198,000 ரூபா போய்விட்டது. அந்தத் தொகுதியின் இலாபத்தில் பத்தில் மூன்று பங்கு. ஒரு மாதத் தாமதத்துக்கு வட்டி கேட்டால் இதில் ஒரு சிறு பகுதிதான் வரும். ஆகவே வட்டியோடு சேர்த்து, வர வேண்டிய நாளுக்கும் வந்த நாளுக்கும் இடையில் கனடா டொலர் இறங்கிய அளவையும் வாங்குபவர் ஈடு செய்ய வேண்டும் என்று தனி வரி எழுதுங்கள். இது ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும். பிந்தியவருக்கு வீதம் ஏறியதன் பலனைக் கொடுக்கத் தேவையில்லை. இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் காப்பு வாங்குபவர் பணம் தராமல் விடுவதற்கானது. வீத நட்டத்துக்கு அதை நம்ப முடியாது.

படி 7: விலை மாற்றத்தைச் சரியான நாளில் செய்யுங்கள்

சூத்திரம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கப்பல் போன பின் விலையை மாற்றினால் தலைவலி. சுங்கத்தில் பதிந்த பெறுமதி ஒன்று, வங்கிக்கு வந்த பணம் வேறொன்று என்றால் இரண்டு இடத்திலும் விளக்கம் கேட்பார்கள். பொருள் ஏற்றுமதிப் பணத்தைக் கப்பல் ஏற்றிய நாளிலிருந்து 180 நாளுக்குள் நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதியின் கீழ் வங்கி ஒவ்வொரு ஏற்றுமதியையும் அதன் வரவோடு ஒப்பிடுகிறது. குறைவாக வந்தால் கேள்வி வரும்.

அதனால் வீதம் பார்க்கும் நாளை, பொதி செய்யத் தொடங்கும் நாளுக்கு முன் வையுங்கள். எடுத்துக்காட்டாக, கப்பல் ஏற்றும் திகதிக்கு 15 நாள் முன் ஐந்து நாள் சராசரியைப் பார்க்கிறீர்கள். அன்றே புதிய விலையோடு ஒரு தற்காலிக இன்வொய்ஸை மின்னஞ்சலில் அனுப்புகிறீர்கள். மத்திய வங்கிப் பக்கத்தின் அன்றைய படமும் அதோடு போகட்டும். வாங்குபவர் மூன்று நாளில் கணக்குப் பிழை காட்டாவிட்டால் விலை உறுதி. அதன் பின் லொறி ஏ-9 வீதியில் ஏறும்போது சுங்கப் பத்திரம், இறுதி இன்வொய்ஸ், பொதிப் பட்டியல் எல்லாவற்றிலும் ஒரே விலை இருக்கும். கடன் கடிதம் மூலம் பணம் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: கடிதத்திலுள்ள தொகையை விட இன்வொய்ஸ் கூடினால் வங்கி ஆவணத்தைத் தள்ளிவிடலாம். கடிதம் திறக்கும்போதே தொகைக்குப் பத்து வீதம் கூடக் குறைய அனுமதி கேளுங்கள்.

வந்த டொலரை எவ்வளவு காலம் டொலராகவே வைத்திருக்கலாம் என்பதும் உங்கள் கையில் இல்லை. அனுமதிக்கப்பட்ட செலவுகள் போக மீதியைக் குறித்த நாளுக்குள் ரூபாவாக மாற்ற வேண்டும். அந்த நாள் பல தடவை திருத்தப்பட்டிருக்கிறது. நடப்பிலுள்ள சுற்றறிக்கையை உங்கள் வங்கியின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். "வீதம் நல்லா வந்த பிறகு மாத்தலாம்" என்று வைத்திருப்பது ஆபத்தைக் கையாளும் முறை அல்ல.

வாசகம் எப்படி இருக்கும்?

ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதில் வர வேண்டிய கருத்து இவ்வளவு:

*அடிப்படை வீதம் 1 கனடா டொலருக்கு 220.00 இலங்கை ரூபா. இது இலங்கை மத்திய வங்கி வெளியிட்ட கொள்வனவு வீதத்தின், ஒப்பந்தத் திகதிக்கு முந்திய ஐந்து வெளியீட்டு நாட்களின் சராசரி. ஒவ்வொரு தொகுதிக்கும், கப்பல் ஏற்றும் திட்டத் திகதிக்கு 15 நாள் முன், அதே மூலத்தின் அதே முறைச் சராசரியே ஒப்பீட்டு வீதம். ஒப்பீட்டு வீதம் 211.20க்கும் 228.80க்கும் இடையில் இருந்தால் விலை மாறாது. தாண்டினால், தாண்டிய பகுதியின் பாதி, இணைப்பிலுள்ள சூத்திரப்படி விலையில் சேர்க்கப்படும் அல்லது கழிக்கப்படும். விலை அருகிலுள்ள சதத்துக்கு முழுமையாக்கப்படும். ஒப்பீட்டு வீதம் 187.00க்குக் கீழ் அல்லது 253.00க்கு மேல் சென்றால், அனுப்பாத தொகுதிகளின் விலையை மீளப் பேச எந்தத் தரப்பும் எழுத்தில் கேட்கலாம். இன்வொய்ஸ் எழுதிய பின் விலை மாறாது. உரிய நாளுக்குப் பின் பணம் வந்தால், உரிய நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் இடையில் கனடா டொலரின் கொள்வனவு வீதம் குறைந்ததால் ஏற்பட்ட ரூபா நட்டத்தை வாங்குபவர் ஈடு செய்வார்.*

இணைப்பில் சூத்திரத்தை மட்டும் போடாதீர்கள். 200, 220, 242 ஆகிய மூன்று வீதங்களுக்கும் கணக்கைச் செய்து, 9.25, 9.00, 8.75 என்று விடையையும் அச்சிடுங்கள். கையெழுத்துக்கு முன் வாங்குபவரின் கணக்காளரை அதே மூன்றையும் தன் கையால் செய்து அனுப்பச் சொல்லுங்கள். விடை ஒத்து வந்தால் சூத்திரத்தை இருவரும் ஒரே மாதிரி வாசிக்கிறீர்கள். ஒத்து வராவிட்டால் பெரும்பாலும் அவர் பட்டையைத் தாண்டிய பகுதிக்குப் பதிலாக 220இலிருந்து முழு வித்தியாசத்தையும் எடுத்திருப்பார். அதை இப்போதே திருத்தலாம். ஒரு வருடம் முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பழைய 220ஐ அப்படியே கொண்டுபோகாதீர்கள். அன்றைய ஐந்து நாள் சராசரியை எடுத்து, அதற்கேற்ற செலவுப் பட்டியலோடு 9 டொலரையும் பட்டையையும் புதிதாகப் போடுங்கள்.